உஷார்! காலையில் மீன் வாடை அடித்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறீர்களா? காலையில் கீசர் ஓடும் நேரத்திலோ இரவில் ஏசி ஓடும் நேரத்திலோ வீட்டுக்குள் லேசாக மீன் வாடை வந்தால், அதைக் கடல் மேலும் கருவாட்டுக் கடை மேலும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இரண்டு மாதம் இருந்தேன். மீன்காரம்மா தெருவில் வரும் நேரமும் எங்கள் வீட்டில் கீசர் போடும் நேரமும் ஒன்று. சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் மீன்காரம்மா வரவில்லை, வாடை வந்தது. குளியலறைக்கு வெளியே கீசர் பிளக் மாட்டியிருந்த சுவரில் கை வைத்தேன். சுவர் சுட்டது.

பழைய ஸ்விட்ச், சாக்கெட்டுகளில் பல யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அது அளவுக்கு மீறிச் சூடானால் அமோனியாவும் அமீன் வாயுக்களும் விடும். மீன் கெடும்போது வரும் வாடையும் அந்த இனத்து வாயுதான். வேறு ஊரில் வீட்டுக்குள் திடீரென்று மீன் நாறினால் திடுக்கிட்டுத் தேடுவார்கள். நம் ஊரில் ஜன்னலைச் சாத்துவோம். ஆபத்தே அங்கேதான். வாடை எந்நேரமும் இருந்தால் வெளியிலிருந்து வரலாம். குறிப்பிட்ட ஒரு கருவி ஓடும்போது மட்டும் வந்து, நிறுத்தி அரை மணி நேரத்தில் மறைந்தால், அது சுவருக்குள்ளிருந்து வருகிறது.

நம் கரையில் இது அதிகம் நடக்கக் காரணம் காற்று. கொண்டல் அடிக்கும் மாதங்களில் கடல் உப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாக வீட்டுக்குள் வந்து, சாக்கெட் ஓட்டை வழியாக உள்ளே படிகிறது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர் விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு மூட்டைக்குள் ஈரமாகவே கிடக்கும் என்பது உப்பளத்தில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஈர உப்புதான் சாக்கெட்டுக்குள் செம்பு வயரின் நுனியைப் பச்சைக் களிம்பாக்குகிறது. களிம்பு ஏறிய முனை ஸ்க்ரூவுக்குள் இறுக்கமாக உட்காராது. மின்சாரம் அந்த இடத்தில் திணறுகிறது.

எவ்வளவு திணறும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கீசர் 2000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். களிம்பு ஏறிய இணைப்பில் வெறும் 0.3 ஓம் தடை இருந்தால் போதும். 9-ஐ 9-ஆல் பெருக்கி, 0.3-ஆல் பெருக்கினால் 24 வாட் வெப்பம் அந்த ஒரு முனையில் இறங்குகிறது. ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட். அதைச் சுவருக்குள் வைத்து மூடி, தினமும் அரை மணி நேரம் போட்டு வைத்தது மாதிரி. கீசர் இழுப்பது அதே 9 ஆம்பியர்தான் என்பதால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. அது விழாது. "ட்ரிப் ஆகவில்லை, அதனால் பிரச்னை இல்லை" என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவர் சுட்ட அன்றே சென்னையில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதற்றத்தில் எழுதியது: "அண்ணாச்சி, வீட்டில் ஸ்விட்ச் எல்லாம் பழசாகிவிட்டது. கீசர் சாக்கெட் கருகியிருக்கிறது. லைட் மினுக்குகிறது. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்." மறுநாள் பதில் வந்தது: "ஸ்விட்ச், சாக்கெட் எல்லாம் குடியிருக்கிறவங்க பொறுப்பும்மா."

கோபம் வந்தது. ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தபோது, நான் எழுதிய வார்த்தைகளுக்கு அவர் சொன்னது சரியான பதில் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் எந்தப் பழுது யாருடையது என்று பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு உள்ளும் வெளியும் உள்ள மின் வயரிங்கும் அதைச் சார்ந்த பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. பெரிய வயரிங் மாற்றங்கள் வாடகைதாரர் தலையில் வராது என்றும் அதிலேயே இருக்கிறது.

அதாவது சுவருக்கு வெளியே தெரிவது உங்களுடையது, சுவருக்குள் இருப்பது அவருடையது. "சாக்கெட் கருகிவிட்டது" என்று எழுதினால் உங்கள் செலவு. "சாக்கெட்டைக் கருக்கும் வயர் சுவருக்குள் கெட்டிருக்கிறது" என்று எழுதினால் அவர் செலவு. இரண்டும் ஒரே பழுது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதிவிட்டுப் பதில் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். காத்திருக்கும் அத்தனை நாளும் அந்தச் சுவர் சுட்டுக்கொண்டுதான் இருக்கும்.

நான் முதலில் என் செலவில் சாக்கெட்டை மாற்றினேன். ஐந்தே வாரத்தில் புது சாக்கெட்டும் பழுப்பேறி அதே வாடை. பழுது சாக்கெட்டில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கழற்றிய இரண்டு சாக்கெட்டையும் தூர எறியாமல் எடுத்து வைத்தேன், பிறகு உதவியது.

அதன்பின் லைசென்ஸ் உள்ள வயர்மேன் தம்பி ஒருவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போர்டை நீங்களே திறக்காதீர்கள். வாடை, சூடு, நிறம், சத்தம் இவை மட்டும் உங்கள் சோதனை. டெஸ்டரை கீசர் உடம்பிலோ ஃப்ரிட்ஜ் கதவிலோ வைத்து எரிந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரியாவிட்டால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி மெயினை இறக்கிவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார். வயர் முனையை வெட்டி, மேல்தோலைச் சீவினார். உள்ளே செம்பு கறுப்பு. இன்னும் இரண்டு அங்குலம் சீவினார், அப்போதும் கறுப்பும் பச்சையும்தான். "பாத்தியளாக்கா, எவ்வளவு தூரத்துக்கு உப்பு ஏறியிருக்குன்னு. இதுல எத்தனை சாக்கெட் மாட்டினாலும் கருகத்தான் செய்யும்" என்றார். பிறகு மெயினை ஏற்றி மீட்டரை வைத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 231 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். 94 வந்தது. எர்த் வயர் எங்கேயோ அறுந்து, சும்மா தொங்குகிறது என்று அர்த்தம்.

கீழே இறங்கி எர்த் பைப்பைத் தேடினோம். படிக்கட்டுக்குப் பின்னால் மண்ணில் இருந்தது. கிளாம்ப் இருந்த இடத்தில் துருப்பொடி மட்டும் மிச்சம், வயர் தனியே கிடந்தது. மண்ணில் ஈரமும் உப்பும் இருந்தால் எர்த் நன்றாக வேலை செய்யும். அதற்காகத்தான் மற்ற ஊர்களில் குழி தோண்டி உப்பும் கரியும் போடுகிறார்கள். நம் மண்ணில் உப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் அதே உப்பு இரும்புப் பைப்பைச் சில வருஷத்தில் தின்றுவிடுகிறது. போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. கீழே இருக்கும் மெயின் போர்டும் சுவருக்குள் ஓடும் வயர் பைப்புகளும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது. அதோடு எல்லோரும் விட்டுவிட்டோம். வெள்ளத்தில் மூழ்கிய வயரிங்கை அதன்பின் ஒருமுறைகூடச் சோதிக்காத வீட்டில் நீங்கள் இருந்தால், அதை மட்டுமே காரணமாகக் காட்டிச் சோதனை கேட்கலாம்.

சோதனை என்றால் மெகர். வயரின் மேல்தோல் மின்சாரத்தை எவ்வளவு தாங்குகிறது என்று 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் கருவி. ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எங்கள் படுக்கையறை லைன் 0.2 காட்டியது.

இனி நான் எழுதிய இரண்டாவது மின்னஞ்சல். வேண்டுமானால் இதையே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு அளவுகளைப் போட்டு.

பொருள்: முதல் மாடி வீட்டில் எர்த் அறுந்துள்ளது, சுவருக்குள் வயரிங் சூடாகிறது. உடனடிப் பழுது வேண்டி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நேற்று லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு வீட்டு மின் இணைப்பைச் சோதித்தேன். அவர் கையெழுத்திட்ட தாளும், தேதியோடு எடுத்த ஏழு படங்களும் இணைத்துள்ளேன். கண்டவை இவை.

எர்த்: படிக்கட்டுப் பின்புறம் உள்ள எர்த் பைப்பில் வயர் துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது (படம் 1, 2). ஃபேஸ்–எர்த் அளவு 94 வோல்ட். வீட்டில் எந்த மூன்று பின் சாக்கெட்டிலும் இப்போது எர்த் இல்லை. கீசரிலோ வாஷிங் மெஷினிலோ கசிவு வந்தால் தொடுபவருக்கு நேரே ஷாக் அடிக்கும்.

கீசர் லைன்: குளியலறைக்கு வெளியே சுவருக்குள் வரும் வயரின் செம்பு, முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் களிம்பேறிக் கறுத்துள்ளது (படம் 3, 4). சாக்கெட்டை என் செலவில் மாற்றினேன். புதியதும் ஐந்து வாரத்தில் கருகியது (படம் 5). பழுது வயரில் இருக்கிறது.

படுக்கையறை லைன்: மெகர் அளவு 0.2 மெகா ஓம். குறைந்தது 1 இருக்க வேண்டும். 2023 வெள்ளத்தில் மூழ்கிய பைப் வழியாக இந்த லைன் வருகிறது (படம் 6).

மெயின் போர்டு: எம்.சி.பி. மட்டும் உள்ளது, ஆர்.சி.சி.பி. இல்லை (படம் 7).

கீசரையும் படுக்கையறை லைனையும் இன்று முதல் நிறுத்தி வைத்துள்ளேன். தாங்கள் செய்து தர வேண்டுவது: எர்த்தைச் சரிசெய்து, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது மூன்று நாளுக்குள். கீசர் லைனையும் படுக்கையறை லைனையும் புது வயர் இழுத்து மாற்றுவது பதினைந்து நாளுக்குள். வேலை முடிந்ததும் எர்த் அளவும் மெகர் அளவும் எழுத்தில் வேண்டும். இவை வயரிங்கைச் சேர்ந்தவை என்பதால் வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தங்கள் பொறுப்பில் வருகின்றன. வெளியே தெரியும் ஸ்விட்ச், சாக்கெட்டுகளை நான் மாற்றிக்கொள்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுதும் வீட்டில் இருப்பேன். தங்கள் ஆள் வரும் நாளை வியாழனுக்குள் தெரிவியுங்கள்.

இவ்வளவுதான் கடிதம். கெஞ்சலும் மிரட்டலும் இல்லை. ஒவ்வொரு பழுதுக்கும் இடம், அளவு, படம் என மூன்றும் இருக்கிறது. என் பங்கை நான் ஏற்றுக்கொண்டதால் அவர் பங்கை மறுப்பது கடினம். எர்த்துக்கு மூன்று நாள், வயருக்குப் பதினைந்து நாள் என்று தவணையைப் பிரித்தது தம்பி சொன்ன யோசனை. எர்த் அரை நாள் வேலை, உயிர் சம்பந்தப்பட்டது. புது வயர் இழுப்பது பெரிய வேலை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பெரியதற்காகச் சின்னதும் தள்ளிப்போகும்.

ஆர்.சி.சி.பி. விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டில் வரிசையாக எம்.சி.பி. இருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காக்க வந்தது. ஈரக் கையோடு ஒருவர் ஷாக் அடிக்கும் கீசரைத் தொட்டால் அவர் உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தை நிறுத்த அது தாராளம். 16 ஆம்பியருக்கு விழும் எம்.சி.பி.க்கு அது ஒரு பல்பு எரிவதைவிடப் பெரிதில்லை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு: போன மின்சாரம் முழுதும் திரும்பி வந்ததா என்று. 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வழி தவறிப் போனாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் வீடுகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் அளவைத்தான் உச்சமாகச் சொல்கின்றன. உங்கள் போர்டில் அது இருக்கிறதா என்று அறிய எளிய வழி, அதன் முகத்தில் T அல்லது TEST என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். அழுத்தினால் வீடே அணைய வேண்டும். அணையாவிட்டால் கருவி செத்துவிட்டது. அணைந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகாது, எர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். சுவருக்குள் சுடும் இணைப்பை ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது. அங்கே மின்சாரம் வழி தவறவில்லை, திணறுகிறது அவ்வளவே. அதற்கு உங்கள் மூக்கும் கையும்தான்.

உரிமையாளர் எழுத்தில் கேட்டும் மறுத்தால், அவர் பொறுப்பில் வரும் பழுதை நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள அந்தச் சட்டம் வழி தருகிறது. ஆனால் அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா, அதில் பழுதுகளைப் பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்த வேலைக்கு ரசீதும், முன்பே எழுதிய கடிதமும் கையில் இருக்க வேண்டும். இதற்காகக் கோபித்துக்கொண்டு வீட்டுக்காரர் கரண்ட்டை நிறுத்தினால் அது சட்டப்படி தவறு, வாடகை அதிகாரியிடம் போகலாம். மீட்டரிலோ தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரிலோ பொறி பறந்தால் அது வீட்டுக்காரர் வேலையும் இல்லை, வயர்மேன் வேலையும் இல்லை. கிட்டே போகாமல் மின்னகத்துக்கு 94987 94987-இல் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு அன்று மாலையே போன் செய்தார். துருப்பிடித்த கிளாம்ப் படம்தான் அவரை உலுக்கியிருக்கிறது. "நம்ம அம்மா இருந்த வீடும்மா அது" என்றார். செவ்வாய்க்கிழமை ஆள் வந்து புது எர்த் பைப் இறக்கி, ஆர்.சி.சி.பி. மாட்டினார்கள். மாட்டி மெயினை ஏற்றியதும் விழுந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி விழுந்தது. "இந்தச் சாமான் சரியில்லை, கழற்றிடுவோம்" என்றார் வந்த ஆள். தம்பி பக்கத்தில் இருந்ததால் தடுத்தார். நிறுத்தி வைத்திருந்த படுக்கையறை லைனையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள், அதைப் பிரித்ததும் நின்றது. சோதித்த அன்று 0.2 காட்டிய அதே லைன், கசிவு அதற்குள் இன்னும் கூடியிருந்தது. அடிக்கடி விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிய வீடுகள் எத்தனையோ. விழுந்தால் எங்கோ கசிகிறது. கசியும் லைனைத் தேடிப் பிரிக்கச் சொல்லுங்கள், கழற்ற விடாதீர்கள்.

இன்னொன்று. அறுந்து கிடந்த அந்த எர்த் வயரைத் தம்பி கையில் பிடித்து மேலே பார்த்தபோது, அதிலிருந்து மூன்று கிளை போவதைக் காட்டினார். ஒன்று எங்கள் வீட்டுக்கு, ஒன்று மேல் மாடிக்கு, ஒன்று கீழே. கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. காலையும் மாலையும் கீசர் போடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் எழுத உட்காருவதற்கு முன்னால் கீழே இறங்கிப் போய், கதவைத் தட்டி, "அக்கா, கீசரை நிறுத்துங்க, பிளக்கைத் தொடாம மெயின்ல நிறுத்துங்க" என்றேன். உங்கள் கட்டடத்திலும் எர்த் பைப் ஒன்றுதானா என்று இன்றைக்கே பாருங்கள்.